சார்ட்டுக்கு முன்னால் போகும் ஒரு பக்கம்: போர்டுக்கு முகப்புக் குறிப்பு எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் விற்கும் ஒரு சிறிய கம்பெனிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ட் தொகுப்பு தயாரித்துக் கொடுக்கிறேன். அதன்மேல் ஒரு பக்கக் குறிப்பு வைத்து இயக்குநர்களுக்கு அனுப்புவது வழக்கம். ஆபீஸில் அதைக் கவரிங் நோட் என்பார்கள். இதே வேலையைப் புதிதாக எடுத்துக்கொண்ட கணக்கர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆலையின் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. புயல், தடைக்காலம், சட்டம் பற்றிய தகவல்கள் உள்ளபடியே இருக்கின்றன.

சார்ட்டே எல்லாத்தையும் சொல்லுதே, அதுக்கு மேல ஒரு குறிப்பு எதுக்கு?

2024 அக்டோபர்–டிசம்பர் தொகுப்பில் நான்காவது சார்ட்டைப் பார்த்தால் டிசம்பரில் விற்பனைக் கோடு கீழே விழுந்திருக்கும். போர்டில் ஒருவர் அதைப் பார்த்ததும் "விலையை ஏற்றினோமே, அதான்" என்பார். இன்னொருவர் "புதுச்சேரிப் பக்கத்து ஆலைக்காரன் நம்ம ஆளை இழுக்கிறான்" என்பார். இரண்டுக்கும் அந்தக் கோட்டில் இடம் இருக்கிறது. கோடு எவ்வளவு இறங்கியது என்று காட்டும், ஏன் இறங்கியது என்று காட்டாது. எதை எண்ணினோம், எதை எண்ணாமல் விட்டோம் என்பதும் அதில் இருக்காது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவைப்பதுதான் குறிப்பின் வேலை.

பதினாலு சார்ட் இருக்கு. மூணை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

அஜெண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ட்டில் உள்ள விஷயம் வேறு மாதிரி இருந்திருந்தால் அன்றைய தீர்மானம் ஏதாவது மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் அது தொகுப்புக்குள்ளேயே இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் மூன்று விஷயம் தீர்மானத்துக்கு இருந்தன: விலையைக் குறைப்பதா, இரண்டாவது கம்ப்ரசரையும் ஓவர்ஹால் செய்வதா, கடனுக்கு ஐஸ் கொடுப்பதைக் கட்டுப்படுத்துவதா. ஆகவே விற்பனை, மின்சாரம், பாக்கி. நான்காவதாக ஒன்று அழகாக வந்திருந்தது, ஐஸ் பார் உடைந்து வீணாவது பற்றி. அதை வெளியே வைக்க எனக்கு மனசே இல்லை. வைத்தேன்.

விற்பனை 20 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதை அப்படியே எழுதிட்டா தப்பா?

எண் சரிதான். படிப்பவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் அர்த்தம்தான் தவறிப் போகும்.

விசைப்படகுகளுக்கு 2023 அக்டோபர்–டிசம்பரில் 24,000 பார் விற்றிருந்தோம். ஒரு பார் 50 கிலோ. 2024-இல் அதே மூன்று மாதத்தில் 19,200 பார். சரியாக 20 சதவீதம் குறைவு. ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அதற்கு முன்பே கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்து படகுகள் கட்டிக் கிடந்தன. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். கடலுக்குப் போகாத படகு ஐஸ் வாங்காது.

அதனால் பார்களை மட்டும் எண்ணாமல், எத்தனை முறை படகு புறப்பட்டது என்பதையும் எண்ணினேன். 2023-இல் 1,200 புறப்பாடு, 2024-இல் 980. முன்பு ஒரு புறப்பாட்டுக்கு 20 பார் போனது, இப்போது 19.6. பழைய அளவிலேயே வாங்கியிருந்தால் 980 புறப்பாட்டுக்கு 19,600 பார் போயிருக்கும். ஆக, குறைந்த 4,800 பாரில் 4,400 படகு போகாததால் குறைந்தது. மீதி 400 மட்டுமே வாங்குபவர் குறைத்துக்கொண்டது. விலையைக் குறைத்தால் அந்த 400-இல் கொஞ்சம் திரும்பி வரலாம். 4,400 வராது.

இதற்கும் ஒரு "ஆனால்" உண்டு. புறப்பாட்டு எண்ணிக்கை படகுத்துறையில் எழுதும் பதிவேட்டிலிருந்து வருகிறது. ஒரே நாளில் திரும்பும் படகும் நாலு நாள் தங்கிவரும் படகும் அதில் ஒரே வரிதான். புயலுக்குப் பிறகு குறுகிய பயணங்கள் கூடியிருந்தால், வாடிக்கையாளர் யாரும் விலகாமலேயே சராசரி இறங்கும். அது நடந்ததா என்று பார்க்க டீசல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு புறப்பாட்டுக்கு ஆன டீசலும் சற்று இறங்கியிருந்தது. எனவே அந்த 400-இலும் ஒரு பகுதிக்குக் குறுகிய பயணங்களே காரணமாக இருக்கலாம், வாடிக்கையாளர் விலகியது அல்ல. இன்னொன்று, பைபர் படகுக்காரர்கள் வாங்கும் ஐஸ் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்களுக்குப் பதிவேடு கிடையாது.

எதோட ஒப்பிடணும், போன காலாண்டோடயா போன வருஷத்தோடயா?

நம் கடற்கரையில் போன காலாண்டோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் சிரிப்பாகிவிடும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏப்ரல்–ஜூனில் விசைப்படகுக்கு ஐஸ் விற்பனை தரைதட்டும். அடுத்த காலாண்டு தானாகவே பிரமாதமாகத் தெரியும். ஒருமுறை ஓர் இயக்குநர் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு மேலாளருக்குக் கைதட்டினார். மேலாளர் நெளிந்தார்.

போன வருடத்து அதே மாதங்கள்தான் நல்ல அளவுகோல். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. நீண்ட வரைபடம் போட்டால் 2016 வரை தடைக்காலம் 45 நாள், 2017 முதல் 61 நாள், கொரோனா வந்த 2020-இல் மட்டும் மே 31-இலேயே முடிந்தது என்பதைச் சார்ட்டுக்குக் கீழே ஒரு வரியாகப் போடுங்கள். இல்லாவிட்டால் 2020 ஜூன் மட்டும் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று கால்மணி நேரம் பேச்சு ஓடும்.

மின்சாரச் செலவு குறைஞ்சது நல்ல சேதிதானே? அதுக்கும் "ஆனால்" போடணுமா?

அதற்குத்தான் முக்கியமாகப் போட வேண்டும். கெட்ட சேதியைப் போர்டு தானாகவே தோண்டிப் பார்க்கும், நல்ல சேதியை யாரும் தோண்டுவதில்லை.

2024 செப்டம்பர் கடைசியில் முதல் கம்ப்ரசரை 2,40,000 ரூபாய் செலவில் ஓவர்ஹால் செய்தார்கள். ஜூலை–செப்டம்பரில் ஒரு டன் ஐஸுக்கு 84 யூனிட் ஆனது. அக்டோபர்–டிசம்பரில் 76. எட்டு யூனிட் மிச்சம் என்று சார்ட் சொல்கிறது. இரண்டாவது கம்ப்ரசருக்கும் அதே வேலையைச் செய்யலாம் என்று மேலாளர் கேட்கிறார்.

இங்கே ஐஸ் ஆலை எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தகரப் பெட்டிகளில் தண்ணீரை ஊற்றி, குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டியில் இறக்கி உறைய வைக்கிறோம். உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு சூடோ, குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா தன் வெப்பத்தை வெளியேற்றும் காற்றும் நீரும் எவ்வளவு சூடோ, அவ்வளவுக்குக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். மழைக்காலத்தில் இரண்டுமே குளிர்ந்துவிடும். அதனால் ஓவர்ஹால் செய்யாத ஆலைக்கும் அக்டோபருக்குப் பிறகு யூனிட் குறையும். 2023 அக்டோபர்–டிசம்பரில் பழைய கம்ப்ரசரோடே 79 யூனிட்தான் ஆனது. பருவத்தைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் எட்டு அல்ல, மூன்று.

பணமாக மாற்றினால் வித்தியாசம் புரியும். அந்தக் காலாண்டில் பைபர் படகுக்கு விற்றதையும் சேர்த்து உற்பத்தி 1,200 டன். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், எட்டு யூனிட் மிச்சம் என்பது காலாண்டுக்கு 76,800 ரூபாய். போட்ட பணம் ஒன்பது மாதம் தாண்டிக் கொஞ்ச நாளில் திரும்பிவிடும். மூன்று யூனிட் என்றால் 28,800 ரூபாய். திரும்ப இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது கம்ப்ரசருக்குச் சரி சொல்வதா வேண்டாமா என்பதே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் இழுப்பதும் ஒன்று உண்டு, அதையும் நேர்மையாக எழுத வேண்டும். படகு போகாத நாட்களிலும் உப்புநீரைக் குளிராகவே வைத்திருக்க வேண்டியிருந்தது. உற்பத்தி குறைவு, வெட்டிச் செலவு அதே அளவு. அதனால் 2024-இன் 76 சற்று ஊதிப்போன எண். நிஜ மிச்சம் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். குறிப்பில் நான் "குறைந்தது 3, எப்படிப் பார்த்தாலும் 8 அல்ல" என்று எழுதினேன்.

மீட்டர் ரீடிங்கையும் கவனியுங்கள். பில்லில் உள்ள ரீடிங் தேதி மாதக் கடைசியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 92 நாளில் மூன்று நாள் விடுபட்டாலே இரண்டரை யூனிட் மாறிவிடும், நாம் பேசுவதே மூன்று யூனிட்டைப் பற்றி. அதனால் பில்லை நம்பாமல் 1-ஆம் தேதி காலையில் நாங்களே மீட்டரைப் பார்த்து எழுதிவைக்கிறோம்.

பாக்கி சராசரியா 19 நாளில் வசூலாகுதுன்னு வந்திருக்கு. இதில் என்ன சிக்கல்?

அந்த 19 நாள் வசூலான பில்களின் சராசரி. காலாண்டில் 400 பில் போட்டோம், 310 வசூலானது, 90 இன்னும் நிற்கிறது. நிற்கும் 90-க்கு எத்தனை நாள் ஆகும் என்று இன்னும் தெரியாததால் எக்செல் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. பணம் வருவதில் தாமதம் கூடக் கூட, தாமதமான பில்கள் கணக்கைவிட்டு வெளியே நிற்கும், சராசரி அழகாகத் தெரியும். நிலைமை மோசமாகும்போது எண் மேம்படுவதுபோல் காட்டும் விசித்திரம் இது. இந்தத் தவறை நானே இரண்டு காலாண்டு செய்திருக்கிறேன்.

சரி செய்வதற்குச் சராசரியை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்க வேண்டும்: 30 நாள் தாண்டிய பில்கள் எத்தனை பங்கு? அதையும் 30 நாள் தாண்டுவதற்கு வாய்ப்பே இருந்த பில்களில் மட்டும் பார்க்க வேண்டும். டிசம்பர் 20-ஆம் தேதி போட்ட பில்லை டிசம்பர் 31-இல் வைத்துப் பார்த்து "தாண்டவில்லை" என்று பெருமைப்பட முடியாது. C நெடுவரிசையில் பில் தேதி, E-யில் ஆன நாட்கள் என்று வையுங்கள். பணம் வராத பில்லுக்கு E-யில் டிசம்பர் 31 வரை ஆன நாட்கள்.

```
=COUNTIFS(C:C,"<="&DATE(2024,11,30),E:E,">30")/COUNTIFS(C:C,"<="&DATE(2024,11,30))
```

நவம்பர் 30 வரை போட்ட பில் 260. அதில் 65 பில் 30 நாளைத் தாண்டியது. அதாவது 25 சதவீதம். "19 நாளில் வசூல்" என்பதும் "நாலில் ஒன்று ஒரு மாதத்தைத் தாண்டுகிறது" என்பதும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை.

இதன் "ஆனால்" வேறு வகை. 65 பில்லில் 41 பில் ஐந்தே உரிமையாளர்களுடையது. பில்லில் கால்வாசி என்பதை உரிமையாளர்களில் கால்வாசி என்று படித்துவிட்டால், ஒழுங்காகக் கட்டும் நூறு பேருக்கும் சேர்த்துக் கடனை நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் டிசம்பரில் வருமானமே இல்லாத படகுக்காரர் நவம்பர் பில்லைத் தள்ளிப்போட்டது புயலின் விளைவா பழக்கமா என்று இந்த ஒரு காலாண்டை வைத்துச் சொல்ல முடியாது. ஜனவரி–மார்ச் வந்தால் தெரியும்.

முழுக் குறிப்பும் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படித்தான்:

> இயக்குநர்களுக்கு, அக்டோபர்–டிசம்பர் 2024 சார்ட் தொகுப்பு, பதிப்பு 2. அஜெண்டா 4, 5, 6-க்கானது.
>
> விலை (சார்ட் 4): விசைப்படகுகளுக்கு ஐஸ் விற்பனை போன வருடத்தைவிட 20% குறைவு. குறைந்த 4,800 பாரில் சுமார் 4,400 படகுகள் கடலுக்குப் போகாததால் குறைந்தது. ஆனால் பைபர் படகுகள் இதில் இல்லை. குறுகிய பயணமும் நீண்ட பயணமும் ஒன்றாகவே எண்ணப்பட்டுள்ளன. விலையைக் குறைக்க இந்தச் சார்ட் காரணம் தரவில்லை.
>
> கம்ப்ரசர் (சார்ட் 7): டன்னுக்கு 84-இலிருந்து 76 யூனிட். ஆனால் போன வருடம் இதே மாதங்களில் ஓவர்ஹால் இல்லாமலே 79. எனவே மிச்சம் குறைந்தது 3, எப்படிப் பார்த்தாலும் 8 அல்ல. போட்ட பணம் திரும்பச் சுமார் இரண்டு வருடம். ஜூலை–செப்டம்பர் 2025 எண் வந்தால் உறுதியாகச் சொல்லலாம்.
>
> பாக்கி (சார்ட் 11): நவம்பர் இறுதிவரை போட்ட பில்களில் 25% முப்பது நாளைத் தாண்டியது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐந்து கணக்குகள். புயலின் பங்கைப் பிரிக்க முடியவில்லை. முன் தொகுப்புகளில் காட்டிய "சராசரி வசூல் நாள்" வசூலான பில்களை மட்டும் எண்ணியது. அதை இனி பயன்படுத்த வேண்டாம்.

இவ்வளவுதான். "இத்துடன் இணைக்கப்பட்டுள்ள" என்று தொடங்கும் முன்னுரை இல்லை. இணைத்திருப்பது அவர்களுக்கே தெரியும்.

எல்லா வரம்புகளையும் கடைசியில் ஒரே பத்தியா போட்டா நீட்டா இருக்குமே?

நீட்டாகத்தான் இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு வரும் வழியில் பஸ்ஸில் போனில் பார்ப்பவர் முதல் வரியோடு நிற்பார். "8 யூனிட் மிச்சம்" முதல் வரியிலும் "பருவம் கழிக்கப்படவில்லை" பன்னிரண்டாவது வரியிலும் இருந்தால் கூட்டத்துக்கு 8 மட்டும்தான் வந்து சேரும்.

தலைவர் "இத்தனை ஆனால் போட்டா நாங்க எதைத்தான் நம்புறது"ன்னு கேட்கிறார். என்ன சொல்றது?

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "தரவுகளில் சில வரம்புகள் இருக்கலாம்" என்று எழுதினால் எழுதியவர் தப்பித்துக்கொள்வார், படித்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு "ஆனால்"-க்கும் இரண்டு விஷயம் சேருங்கள்: எண்ணை எந்தப் பக்கம் இழுக்கிறது, தோராயமாக எவ்வளவு. இரண்டையும் சொல்ல முடியாவிட்டால் எப்போது தெரியும் என்றாவது சொல்லுங்கள். மூன்றும் முடியாத "ஆனால்" தொகுப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். எங்கள் குறிப்பில் முதலில் பதினோரு "ஆனால்" இருந்தது. இப்படி வடிகட்டியதும் ஐந்தோ ஆறோதான் நின்றது.

பாக்கி வைத்த அந்த ஐந்து பேர் யார்னு குறிப்பிலேயே போடலாமா?

வேண்டாம். குறிப்பு வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும் இடங்களை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. மீனவ ஊரில் ஐந்து பேர் என்றால், படகின் நிறத்தைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். இயக்குநர்களே படகு வைத்திருப்பவர்கள், அந்த ஐந்தில் ஒருவர் அவர்களில் யாருக்காவது மச்சானாகவும் இருக்கலாம். பெயர்ப் பட்டியலைத் தலைவர் கையில் தனியாகக் கொடுத்து, கூட்டத்தில் எப்படி எடுப்பது என்பதை அவரிடமே விடுங்கள். மாதிரிக் குறிப்பில் "ஐந்து கணக்குகள்" என்று நின்றதற்கும் அதுதான் காரணம்.

எப்போ அனுப்பணும்?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 173(3)-இன்படி போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். அவசர விஷயத்துக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. குறிப்பையும் சார்ட்டையும் அஜெண்டாவோடு சேர்த்து அதே நாளில் அனுப்புங்கள், ஒரே பிடிஎஃப்பாக. தனித்தனியாகப் போனால் பதிப்பு 1 சார்ட்டோடு பதிப்பு 2 குறிப்பைப் படித்துக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

அனுப்பின பிறகு ஒரு எண் தப்புன்னு தெரிஞ்சா? பேசாம புது ஃபைலை மாத்திடலாமா?

மாற்றலாம், பேசாமல் மாற்றக் கூடாது. எங்களுக்கு அப்படித்தான் பதிப்பு 2 வந்தது. முதலில் அனுப்பியதில் புறப்பாடு 1,080 என்று போயிருந்தது, பதிவேட்டில் ஒரு பக்கத்தை இரண்டு முறை தட்டியிருந்தோம். புது ஃபைலின் முதல் வரியில் இப்படி எழுதினேன்: "சார்ட் 4-இல் புறப்பாடு 1,080 அல்ல, 980. ஒரு புறப்பாட்டுக்கு 17.8 பார் என்றது 19.6 ஆகிறது. முந்தைய குறிப்பில் வாடிக்கையாளர் விலகுவதாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்." அதற்குள் விலைக்குறைப்புக்கு ஆதரவாக இரண்டு பேரிடம் பேசி முடித்திருந்த ஓர் இயக்குநர் போன் போட்டுக் கத்தினார். கேட்டுக்கொண்டேன். பிறகு அவரே அந்த இரண்டு பேருக்கும் போன் செய்து எண் மாறிவிட்டது என்று சொன்னார்.